புதிய உறுப்பினருக்கு: நம் சங்கத் துணைவிதிகளின் சுருக்கம்

வணக்கம். உங்கள் விண்ணப்பத்தை நம் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டு, உறுப்பினர் பதிவேட்டில் பெயரை ஏற்றியாகிவிட்டது. துணைவிதிப் புத்தகம் மொத்தம் 46 பக்கம். அதை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு, படித்தாலும் பலர் கடன் பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் பங்கு, ஓட்டு, கடன், நீக்கம் ஆகிய நான்கையும் இங்கே சுருக்கித் தருகிறேன். இது படிக்கும் வசதிக்காக மட்டுமே. இதற்கும் துணைவிதிக்கும் முரண்பாடு வந்தால் துணைவிதிதான் செல்லும். துணைவிதிக்கும் கூட்டுறவுச் சட்டத்துக்கும் முரண்பாடு வந்தால் சட்டம்தான் செல்லும்.

பங்குத் தொகை (துணைவிதி 8 முதல் 13 வரை)

ஒரு பங்கின் முகமதிப்பு 100 ரூபாய். சேரும்போது குறைந்தது 5 பங்கு வாங்க வேண்டும். அதைத்தான் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். அதோடு வாங்கிய 10 ரூபாய் நுழைவுக் கட்டணம், அது திரும்ப வராது. எத்தனை பங்கு வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் சங்கத்தின் மொத்தப் பங்குத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவர் கையில் இருக்கக் கூடாது.

பங்குத் தொகை டெபாசிட் கிடையாது. வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு வட்டியும் இல்லை. லாபம் வந்த ஆண்டில், காப்பு நிதிக்கு ஒதுக்கியது போக மீதியில் உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவை தீர்மானிக்கும் பங்கு ஈவு மட்டும் கிடைக்கும். அதற்கும் 12 சதவீதம் உச்சவரம்பு. லாபமே வராத ஆண்டில் ஒன்றும் கிடையாது. சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கும் சிக்கன சேமிப்பு வேறு கணக்கு, அதற்கு வட்டி உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "என் பணத்துக்கு வட்டி எங்கே?" என்று ஆண்டுதோறும் சிலர் கேட்கிறார்கள். பாஸ்புக்கில் இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் இருக்கும்.

சங்கம் நஷ்டப்பட்டால் உங்கள் பொறுப்பு நீங்கள் எடுத்த பங்கின் மதிப்போடு முடிகிறது. உங்கள் வீட்டுக்கோ சேமிப்புக்கோ யாரும் வர முடியாது. ஆனால் அந்தப் பங்குத் தொகை கரையலாம். பங்கை வேறொருவருக்கு மாற்ற வேண்டுமானால் அவரும் உறுப்பினராக இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் பாக்கி இருக்கும்வரை மாற்ற முடியாது.

ஓட்டுரிமை (துணைவிதி 17 முதல் 22 வரை)

5 பங்கு வைத்திருப்பவருக்கும் 500 பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டுதான். கம்பெனிகளில் பங்கு கூடக் கூட ஓட்டும் கூடும், இங்கே அப்படி இல்லை. 1844-ல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை முதலே ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பது கூட்டுறவின் அடிப்படை. ஓட்டை நேரில் வந்துதான் போட வேண்டும், வேறு ஆளை அனுப்ப முடியாது. தீர்மானத்தில் இரு பக்கமும் சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு.

கூட்டத் தேதிக்கு 30 நாள் முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும். அதனால் அடுத்த மாதம் நடக்கும் பேரவையில் நீங்கள் வந்து உட்காரலாம், பேசலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. கடன் தவணை மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கும் ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. இணை உறுப்பினர்களுக்கு எப்போதுமே ஓட்டு இல்லை.

குறைவெண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் சங்கத்தில் பெரும்பாலான மனக்கசப்பு இங்கிருந்துதான் கிளம்புகிறது. மொத்த உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 50 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வந்தால்தான் பேரவை நடக்கும். அரை மணி நேரம் பார்த்தும் ஆள் சேரவில்லையென்றால் கூட்டம் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிவைத்த கூட்டத்துக்குக் குறைவெண் தேவையில்லை. வந்த பத்துப் பதினைந்து பேர் பழைய நிகழ்ச்சி நிரலில் இருந்த எல்லாவற்றையும் முடிவு செய்யலாம், பங்கு ஈவு உட்பட. அந்த முடிவு வராதவர்களையும் கட்டுப்படுத்தும். புதிய விஷயத்தை மட்டும் அங்கே எடுக்க முடியாது.

நிர்வாகக் குழு கூட்டம் கூட்டாமல் இழுத்தடித்தால், ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுச் சிறப்புப் பேரவை கேட்கலாம். துணைவிதியைத் திருத்த வேண்டுமானால், வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதன்பிறகு கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் பதிவு செய்தால்தான் திருத்தம் அமலுக்கு வரும்.

கடன் (துணைவிதி 26 முதல் 34 வரை)

சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். கடன் அளவுக்கு மூன்று வரம்புகள்: உங்கள் பங்குத் தொகையின் பத்து மடங்கு, மாதச் சம்பளத்தின் பதினைந்து மடங்கு, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாத தவணை. இந்த மூன்றில் எது குறைவான தொகை தருகிறதோ அதுதான் உங்கள் கடன்.

பத்து மடங்கு என்ற கணக்கில்தான் நிறையப் பேர் திகைத்துப்போகிறார்கள். ஒரு லட்சம் கடன் வேண்டுமானால் பங்குத் தொகை 10,000 இருக்க வேண்டும். உங்களிடம் 500 இருந்தால், குறையும் 9,500-ஐக் கடனிலேயே பிடித்துப் பங்காக வரவு வைப்போம். கையில் வருவது 90,500. வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் ஓடும். 9,500-க்கு நீங்கள் 10 சதவீதம் வட்டி கட்டுவீர்கள், அதே 9,500-க்கு அந்த ஆண்டு பேரவை அறிவித்த ஈவு கிடைக்கும். ஈவு 7 சதவீதமாக இருந்தால் 3 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகிறது. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, சங்கத்துக்கு மூலதனம் சேர்வதே இப்படித்தான். இருந்தாலும் கணக்குத் தெரிந்து கையெழுத்திடுவது நல்லது. கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதிருந்தே மாதம் இரண்டு மூன்று பங்காக வாங்கி வையுங்கள்.

வட்டி குறையும் பாக்கியின் மேல் கணக்கிடப்படும். ஒரு லட்சத்தை 50 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அசல் மாதம் 2,000. முதல் மாத வட்டி 833, ஆக 2,833 பிடிப்போம். மாதா மாதம் வட்டி குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 17 ரூபாயில் நிற்கும். மொத்த வட்டி 21,250. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் இல்லை. தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டும் கூடுதலாக 2 சதவீதம். மீதிக் கடனுக்கு அந்தக் கூடுதல் வட்டி கிடையாது.

அடுத்தது ஜாமீன். துணைவிதிப் புத்தகத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் முழுதாகப் படிப்பேன் என்றால் துணைவிதி 31-ஐப் படியுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் போட வேண்டும். இருவரும் தனித்தனியாகவும் கூட்டாகவும் பொறுப்பு. கடனாளி கட்டாவிட்டால் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கேட்க வேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு இல்லை, யாரிடம் வசூலிக்க முடிகிறதோ அவரிடமே முழுவதையும் பிடிக்கலாம். அப்படிக் கட்டியவர் பிறகு கடனாளியிடமும், இன்னொரு ஜாமீன்தாரரிடம் அவர் பங்கையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் மனம் மாறி விலக முடியாது. கடன் தீர வேண்டும், அல்லது நிர்வாகக் குழு ஏற்கும் வேறொருவர் உங்கள் இடத்துக்கு வர வேண்டும். ஜாமீன் நிற்கும்வரை சங்கத்தை விட்டு விலகவும் முடியாது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு கடனுக்கு ஜாமீன் போடலாம். பணி ஓய்வுக்குக் கடன் காலத்தைவிடக் குறைந்த காலமே இருப்பவர் போட முடியாது.

புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் முதலில் ஜாமீன் கேட்டு வருவார்கள், அவருக்கு இரண்டு இடமும் காலியாக இருக்குமே. "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். போடுவதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். போடுவதற்கு முன் கேட்பவரின் பாக்கி விவரத்தை, அவர் எழுத்தில் சம்மதம் தந்தால், அலுவலகத்தில் பார்க்கலாம்.

விலகல், நீக்கம் (துணைவிதி 37 முதல் 42 வரை)

உறுப்பினர் தகுதி மூன்று விதமாக முடியும். நீங்களே எழுதிக் கொடுத்து விலகலாம், கடனும் ஜாமீனும் இல்லாதிருந்தால். மரணம் அல்லது பணி விட்டுப் போவதால் தானாக முடியும். மூன்றாவது நீக்கம்.

நீக்குவதற்கான காரணங்களைத் துணைவிதி 40 வரையறுக்கிறது: தொடர்ந்து ஆறு தவணை கட்டாதது, பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ந்தது அல்லது கடன் பெற்றது, சங்கத்தின் சொத்துக்கோ நலனுக்கோ வேண்டுமென்றே கேடு செய்தது. கணக்கைக் கேட்டுக் கேள்வி எழுப்புவதோ, கூட்டத்தில் குழுவை எதிர்த்துப் பேசுவதோ காரணமாகாது. அந்த வாசகம் தனியே எழுதப்பட்டிருக்கிறது, அது அங்கே இருப்பது ரொம்பச் சரி.

நிர்வாகக் குழு தன்னிச்சையாக யாரையும் நீக்க முடியாது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல 15 நாள் அவகாசம் தர வேண்டும். பிறகு விஷயம் பேரவைக்குப் போகும். அங்கே உங்கள் தரப்பை நேரில் சொல்லலாம். வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால்தான் நீக்கம். நோட்டீஸ் வந்தும் பதில் எழுதாமல் இருப்பதுதான் பெரிய தவறு, பதில் இல்லாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். நீக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுக்குப் பிறகே மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

எப்படி வெளியேறினாலும், சங்கத்துக்குத் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு பங்குத் தொகை திரும்பக் கிடைக்கும். நீக்கப்பட்டவரின் பங்கைப் பறிமுதல் செய்ய நம் துணைவிதியில் இடமில்லை. ஆனால் ஓராண்டில் திருப்பித் தரும் தொகை சங்கத்தின் மொத்தப் பங்குத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே ஆண்டில் நிறையப் பேர் ஓய்வு பெற்றால் சிலர் அடுத்த நிதியாண்டுவரை காத்திருக்க நேரும். விலகிய நாளில் சங்கத்துக்கு இருந்த கடன்களுக்கு, உங்கள் பங்கின் அளவுக்கு, மேலும் இரண்டு ஆண்டு நீங்கள் பொறுப்பு.

இப்போது உங்களிடமிருந்து வேண்டியது வாரிசு நியமனப் படிவம் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் பங்கும் சேமிப்பும் குடும்பத்துக்குப் போய்ச்சேர வாரிசுச் சான்றிதழ் வாங்கி அலைய வேண்டியிருக்கும். நிரப்பி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு இந்த மாதச் சம்பளப் பட்டியல் தயாராவதற்குள் கொடுத்துவிடுங்கள். பாஸ்புக்கும் துணைவிதிப் பிரதியும் அப்போது கையோடு வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்
பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம்