பாடத் திட்டம்: பின்னம் அறிமுகம் – முழுமை, அரை, கால்

வகுப்பு மூன்று, கணக்கு. இடம் காசிமேட்டை ஒட்டிய மாநகராட்சி தொடக்கப் பள்ளி. மாணவர்கள் 28 பேர். அடுத்தடுத்த இரு பாடவேளைகள், மொத்தம் 80 நிமிடங்கள்.

குழந்தைகளைக் கற்றல் நிலையால் பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகைப்படி இவ்வகுப்பில் அரும்பு நிலையில் 9 பேரும், மொட்டு நிலையில் 12 பேரும், மலர் நிலையில் 7 பேரும் உள்ளனர். அரும்பு நிலைக் குழந்தைகளுள் சிலருக்கு 20க்கு மேல் எண்ணுவதே தடுமாற்றம் என்றாலும், கடைக்குப் போய்க் கால் கிலோ சர்க்கரை வாங்கி வரத் தெரியும். ஆகவே இன்று மூன்று நிலையினருக்கும் தனித்தனிப் பொருள்கள் தரப்படமாட்டா. பொருள் ஒன்றாகவே இருக்கும், கேட்கும் கேள்வி மட்டும் நிலைக்கேற்ப மாறும்.

பாடம் முடியும்போது, சமமாகப் பிரித்தால் மட்டுமே அரை, கால் என்ற பெயர்கள் பொருந்தும் என்பதை ஒவ்வொரு குழந்தையும் பொருளைக் கையாண்டு காட்ட வேண்டும். 1/2, 1/4 என்ற எழுத்து வடிவமும், தொகுதி, பகுதி என்ற சொற்களும் இன்று கரும்பலகைக்கு வரமாட்டா. அவற்றை முதல் நாளே எழுதிவிட்டால், 2ஐவிட 4 பெரியது என்பதால் அரையைவிடக் கால் பெரியது என்ற எண்ணம் குழந்தைகளிடம் எளிதில் பதிந்துவிடும்; பிறகு அதைக் களைவது கடினம்.

தேவையான பொருள்கள்: வட்டமான பன் 2, கத்தி, 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாள்கள் ஆளுக்கு 3, 20 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாள்கள் சில, வலைக்குப் பயன்படும் நைலான் கயிறு 80 செ.மீ. நீளத்தில் 7 துண்டுகள், கத்தரிக்கோல்கள். கத்தி ஆசிரியர் கையிலேயே இருக்கும்.

முதல் 10 நிமிடங்களில் ஆசிரியர் ஒரு பன்னை வேண்டுமென்றே பெரிதும் சிறிதுமாக வெட்டி இரு குழந்தைகளிடம் கொடுத்து, "ஆளுக்குப் பாதி கொடுத்தாச்சு" என்று சொல்வார். "மிஸ், அவனுக்குப் பெருசு!" என்ற குரல் எழாமல் இராது. ஏன் அது பாதி இல்லை என்பதைக் குழந்தைகளே சொல்லட்டும். ஆசிரியர் விளக்கத் தொடங்க வேண்டாம். இரண்டாவது பன்னைச் சமமாக வெட்டி, ஒரு துண்டை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்த்து, 'அரை' என்ற சொல்லை அப்போதுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து, மூன்று நிலையினரும் கலந்த நால்வர் குழு ஒவ்வொன்றும் ஒரு கயிற்றை நுனியோடு நுனி சேர்த்து மடித்து அரையைக் கண்டு, மீண்டும் மடித்துக் காலைக் காணும். அளவுகோல் தேவையில்லை. அரையின் பாதி கால் என்பதைக் கையே கண்டுகொள்ளும். தமிழ் இன்னும் சரளமாக வராத வெளிமாநிலக் குழந்தைகள் இருவரும் இதில் பின்தங்கமாட்டார்கள் என்பதால், மடித்துக் காட்டும் வேலையை முதலில் அவர்களிடம் கொடுக்கலாம்.

பாடத்தின் கருப்பகுதி சதுரத் தாளில் உள்ளது. இதற்கு 35 நிமிடங்கள் ஒதுக்க வேண்டும். ஒரு தாளை நேராக மடித்தால் செவ்வகம் வரும், மற்றொன்றை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் வரும். இரண்டும் அரைதானா? அருகருகே வைத்துப் பார்க்கையில் முக்கோணம் பெரிதாகத் தோன்றுவதால் பலர் மறுப்பார்கள். அரும்பு நிலையினர் ஒவ்வொரு தாளையும் வெட்டி, அதன் இரு துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதைக் காட்டினால் போதும். மொட்டு நிலையினர் முக்கோணத்தை இரண்டாக வெட்டித் திருப்பி ஒட்டிச் செவ்வகத்தை முழுமையாக மூட முயல வேண்டும். நடுவே வெட்டினால் வருவது சிறு சதுரம்தான், செவ்வகம் அன்று. நேர்மடிப்பு இருந்திருக்கும் இடத்தில் வெட்டி, கிடைக்கும் சிறு முக்கோணத்தைத் திருப்பி வைத்தால்தான் செவ்வகம் நிரம்பும். ஆசிரியர் இதை முந்திய நாளே ஒருமுறை வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மலர் நிலையினருக்குரிய கேள்வி: சிறு தாளின் அரை பெரிதா, பெரிய தாளின் கால் பெரிதா? பெரிய தாளை இருமுறை மடித்தால் கிடைக்கும் கால், சிறு தாளின் முழு அளவே இருப்பதைக் கண்டு அவர்கள் வாதிடட்டும். எதனுடைய அரை என்று கேட்காமல் ஒப்பிட முடியாது என்ற இடத்துக்கு அந்த வாதம் வந்து சேர வேண்டும். மூன்று சமபாகமாக மடிப்பது தனித் திறன். இன்று கேட்க வேண்டாம்.

இறுதிப் பத்து நிமிடங்களில் மதிப்பீடு. மூன்று நேர்கோடுகளால் சமமற்ற நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு துண்டுக்கு மட்டும் வண்ணம் தீட்டிய செவ்வகத்தை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, "வண்ணம் தீட்டியது காலா?" என்று கேட்க வேண்டும். எழுதத் தயங்குவோர் வாயால் சொல்லலாம் அல்லது மடித்துக் காட்டலாம். நான்கு துண்டுகளை எண்ணிவிட்டு "ஆமாம்" என்பவர்களுடன் மறுநாள் காலை கயிற்றையும் தாளையும் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனையோர் 12 புளியங்கொட்டைகளில் அரையும் காலும் எத்தனை என்று பிரிக்கத் தொடங்கலாம்.

வீட்டுப்பாடம் எழுத்தில் இல்லை: வீட்டில் இன்று எதைச் சமமாகப் பங்கிட்டார்கள், எத்தனை பேருக்கு என்று பார்த்துவந்து சொன்னால் போதும்.