கே. தண்டபாணி, தண்டபாணி கந்தசாமி இருவரும் ஒருவரே என ஏற்கக் கோரி வங்கி மேலாளருக்குக் கடிதம்

நாள்: 19.01.2026
இடம்: துறையூர்

அனுப்புநர்
த. சரோஜா,
க/பெ. (லேட்) க. தண்டபாணி,
14, வடக்குத் தெரு,
துறையூர் வட்டம், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
துறையூர் கிளை.

பொருள்: என் கணவரின் நிரந்தர வைப்புத் தொகை ரூ. 4,50,000 – வைப்பு ரசீதில் K. THANDAPANI என்றும் இறப்புச் சான்றிதழில் DHANDAPANI KANDASAMY என்றும் உள்ள பெயர்கள் ஒருவரையே குறிப்பவை என ஏற்று, வாரிசு நியமனப்படி எனக்கு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 24.11.2025 அன்று தங்கள் கிளையில் நான் கொடுத்த கோரிக்கைப் படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர், ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர், 11.10.2025 அன்று திருச்சியில் மருத்துவமனையில் காலமானார். 14.08.2021 அன்று தங்கள் கிளையில் ஐந்து வருடத்துக்கு அவர் போட்ட வைப்புத் தொகைக்கு (ரசீது எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4471) நான்தான் நாமினி. ரசீதிலேயே என் பெயர் அச்சாகியிருக்கிறது. தேவையான தாள்களோடு நவம்பரில் படிவம் கொடுத்தேன். அதன்பின் மூன்று முறை நேரில் வந்தேன். மூன்று முறையும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றே சொல்லி அனுப்பினார்கள். படிவத்தின் மேல் ஓரத்தில் பென்சிலால் அப்படிக் குறித்தும் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் பதில் எதுவும் வரவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதித் தருகிறேன்.

கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை நான். 46 வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பெயரை நான் எழுதியதுகூட ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட விண்ணப்பத்திலும்தான். இப்போது அதை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து விளக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் K என்ற முன்னெழுத்து. என் மாமனார் பெயர் கந்தசாமி. அதன் முதல் எழுத்துதான் தமிழில் க., ஆங்கிலத்தில் K. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அதன் முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். எங்கள் ஊரிலேயே மூன்று தண்டபாணி உண்டு. க. தண்டபாணி வாத்தியார், பெ. தண்டபாணி, மு. தண்டபாணி என்று முன்னெழுத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்துச் சொல்வோம். நான் அங்கன்வாடியில் 27 வருடம் பதிவேடு எழுதியவள். முன்னெழுத்து மாறினால் ஆளே மாறிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கவனமாகப் பார்க்கும் தங்கள் அலுவலர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இங்கே முன்னெழுத்து மாறவில்லை. க. என்பது கந்தசாமி என்று விரிந்திருக்கிறது.

அந்த விரிவுக்கு ஆதாரம் தங்கள் கோப்பிலேயே இருக்கிறது. வைப்புத் தொகை போட்ட அன்று அவர் கொடுத்த பான் அட்டை நகலைப் பாருங்கள். பான் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை எழுத விடமாட்டார்கள், முழுப்பெயராகத்தான் எழுத வேண்டும். அதனால் அட்டையில் KANDASAMY THANDAPANI என்று இருக்கிறது. அதற்குக் கீழே தந்தை பெயர் KANDASAMY. அந்தப் பான் எண்தான் ரசீதில் K. THANDAPANI என்ற பெயருக்கு எதிரே இருக்கிறது. ஆக, இந்த K என்பது கந்தசாமிதான் என்பதை 2021-லேயே இந்தக் கிளை பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, பெயர் முன்பின்னாக இருப்பது. போன வாரம் கவுண்டரில் இருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "தண்டபாணி கந்தசாமி என்றால் தண்டபாணியின் மகன் கந்தசாமி என்றுதானே அர்த்தம்?" நியாயமான கேள்வி. எங்கள் வழக்கப்படி மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தோம். என் மகன் பெயரும் கந்தசாமிதான், த. கந்தசாமி. அப்பா பெயரை முன்னால் வைத்து விரித்தால் அவனும் தண்டபாணி கந்தசாமி ஆகிவிடுகிறான். அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது, என் பிள்ளையின் பெயரும் அதில் தெரிந்தது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

ஆனால் சான்றிதழில் பெயரோடு நிறுத்தாமல் அடுத்த வரிகளையும் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தந்தையின் பெயர் என்ற இடத்தில் கந்தசாமி என்று இருக்கிறது. இறந்தவர் என் மகன் என்றால் அங்கே தண்டபாணி என்று இருக்க வேண்டும். கணவர் அல்லது மனைவியின் பெயர் என்ற இடத்தில் சரோஜா என்று என் பெயர் இருக்கிறது. தாயார் பெயர் என் மாமியாருடையது. நிரந்தர முகவரி தங்கள் கணக்கில் உள்ள அதே வடக்குத் தெரு வீடு. என் மகன் ஓசூரில் நலமாக வேலை செய்கிறான். அவன் ஆதார் நகலையும், அவன் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். நேரில் வரச் சொன்னாலும் ஒரு நாள் விடுப்பு எடுத்து வருவான்.

இனி T, D விஷயம். தமிழில் இரண்டு தாளிலும் தண்டபாணி என்றுதான் இருக்கிறது, ஓர் எழுத்தும் மாறவில்லை. தமிழில் உள்ள த என்ற ஒரே எழுத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் T போடுவார், இன்னொருவர் D போடுவார். நம் பக்கத்து ஊர்களையே பாருங்கள். திருச்சிக்கு T, திண்டுக்கல்லுக்கு D. தஞ்சாவூருக்கு T, தர்மபுரிக்கு D. இவர் பள்ளிக்கூட நாளிலிருந்து T போட்டு எழுதிப் பழகியவர். மருத்துவமனையில் படிவம் நிரப்பியவர் காதில் விழுந்தபடி D போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆங்கில எழுத்தைச் சரிபார்க்கும் நிலையில் நாங்கள் யாரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே இறப்புச் சான்றிதழைத்தான் சார் கருவூலத்தில் கொடுத்தேன். அவருடைய ஓய்வூதிய ஆணையில் க. தண்டபாணி என்றுதான் இருக்கிறது. அவர்கள் பணிப் பதிவேட்டை எடுத்து, தந்தை பெயரையும் என் பெயரையும் ஒத்துப் பார்த்து, இருவரும் ஒருவரே என்று ஏற்று, அவர் ஓய்வூதியத்தை நிறுத்தி எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்கிவிட்டார்கள். டிசம்பரிலிருந்து அது தங்கள் கிளையில் உள்ள என் கணக்கில்தான் வரவாகிறது. அந்த ஆணையின் நகலும் இணைப்பில் இருக்கிறது.

கையெழுத்தையும் ஒத்துப் பாருங்கள். அவர் எங்கும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். க. எழுதி, புள்ளி வைத்து, தண்டபாணி என்று கூட்டெழுத்து இல்லாமல் கரும்பலகையில் எழுதுவது போலத் தெளிவாக எழுதுவார். 1994-ல் இந்தக் கிளையில் சேமிப்புக் கணக்கு தொடங்கியபோது போட்ட கையெழுத்தும், 2021 வைப்புப் படிவத்தில் உள்ளதும், ஓய்வூதிய ஆணையில் உள்ளதும் ஒரே கை. பழைய பாஸ்புக்கைக் கொண்டு வந்திருக்கிறேன், மூலத்தையே பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். அது எனக்கு வேண்டும்.

இப்போது என்னிடம் கேட்கப்பட்டவை பற்றி. பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் அறிவிப்பு கொண்டு வரச் சொன்னார்கள். அரசிதழில் அறிவிப்பது பெயரை மாற்றிக்கொள்பவர் தானே விண்ணப்பித்துச் செய்வது. இவர் பெயரை மாற்றவில்லை, இனி விண்ணப்பிக்க அவர் இல்லை. அப்புறம், நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றோ இரண்டு ஜாமீன்தாரர்களோடு உறுதிப் பத்திரமோ வேண்டும் என்றார்கள். நாமினி பதிவான கணக்கில், தொகை எவ்வளவாக இருந்தாலும் இவற்றை வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூன் மாதமே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இறப்புக்குச் சான்றும் கோருபவரின் அடையாளமும் கிடைத்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில் உள்ளது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 45ZA-இன்படி நாமினிக்குக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பும் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் இருவருக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. சட்டப்படி தேவையில்லை என்றாலும், தங்களுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று அவர்களிடமும் கையெழுத்து வாங்கி இணைத்திருக்கிறேன்.

K. THANDAPANI, KANDASAMY THANDAPANI, DHANDAPANI KANDASAMY, க. தண்டபாணி ஆகிய நான்கு பெயரும் என் கணவர் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது பொய்யானால் சட்டப்படி வரும் விளைவுக்கு நானே பொறுப்பு.

எனவே, இந்தப் பெயர்கள் ஒருவருடையவையே என ஏற்று, வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து, இன்றுவரை சேர்ந்த வட்டியோடு, அபராதம் பிடிக்காமல் என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒன்று இன்னும் போதாது என்று தோன்றினால், எது போதாது, எந்த விதிப்படி என்று எழுத்தில் தாருங்கள். ஆங்கில எழுத்து ஒன்றுதான் தடை என்றால், அதை எழுதிக் கொடுங்கள். பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் அந்தத் தாளைக் காட்டி D-யை T என்று திருத்தித் தரச் சொல்லி விண்ணப்பிக்கிறேன். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு அங்கே போய் நான் என்ன கேட்பது? 30 நாளில் பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று மகன் சொல்கிறான். 31 வருடமாக நாங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளை இது. அங்கே போகாமல் இங்கேயே முடிய வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

என் இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை பிப்ரவரியில் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இந்தப் பணம்தான் இருக்கிறது. அதற்குள் முடித்துக் கொடுத்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் இட்டுத் தரவும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. சரோஜா

இணைப்பு:
இறப்புச் சான்றிதழ் (மூலமும் நகலும்), வைப்பு ரசீது, என் கணவரின் பான், ஆதார் நகல்கள், என் ஆதார் நகல், ஓய்வூதிய ஆணை, குடும்ப ஓய்வூதிய ஆணை நகல்கள், 1994 பாஸ்புக் (பார்வைக்கு மட்டும்), மகன் த. கந்தசாமியின் ஆதார் நகலும் கடிதமும். மகளின் ஒப்புதல் கடிதம். நோட்டரி உறுதிமொழிப் பத்திரம்.