முதல் வேலை தேடுற பிள்ளையளுக்கு

(காட்சி: யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்ட், காலமை. தோளில பை, கையில பிளாஸ்டிக் ஃபைலோட ஒரு பிள்ளை பருத்தித்துறை பஸ்ஸால இறங்குறா.)

குரல்: கம்பஸ் முடிச்சு ஆறு மாசம், எட்டு மாசம் ஆச்சு, வீட்டில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல, ஆனா சொந்தக்காரர் வந்தா "பிள்ளை இப்ப என்ன செய்யிறா" எண்டு கேக்கிற நேரம் நீங்கள் குசினிக்குள்ள போயிடுவீங்கள், என்ன? எனக்குத் தெரியும். நானும் கரவெட்டியில இருந்து அப்பிடித்தான் வெளிக்கிட்டனான்.

(காட்சி: ஒஃபிஸ். பேசுறவா கமராவைப் பாத்து.)

வணக்கம் தம்பி தங்கச்சிமார். ஸ்டான்லி ரோட்டில இருக்கிற, வேலை எடுத்துக் குடுக்கிற எங்கட ஒஃபிஸுக்கு வாற சீவியில முக்காவாசியில "அனுபவம்" எண்ட இடம் வெறுமையா இருக்கும். போன மாசம் காரைநகர்ப் பிள்ளை ஒண்டு வந்தவா, கொமர்ஸ் டிகிரி, அனுபவம் இல்லையாம். கதைச்சுக் கொண்டு போக, மூண்டு வருசமா ஓஎல் பிள்ளையளுக்குக் கணக்கு டியூசன் குடுத்ததும், சங்கக்கடையில மாமாவுக்கு ஸ்டொக் புத்தகம் எழுதினதும் வெளியில வருது! அதை ஏன் போடேல்ல எண்டு கேட்டா, "அதெல்லாம் வேலையோ அக்கா" எண்டுறா. அது வேலைதான் பிள்ளை. எத்தினை பேருக்குப் படிப்பிச்சனீங்கள், எத்தினை சாமான்ர கணக்குப் பாத்தனீங்கள் எண்டு எண்ணிக்கையோட எழுதுங்கோ.

(காட்சி: மேசையில சீவி, பேனையால ஒரு வரி எழுதப்படுது.)

இங்கிலீஸ் பயமெண்டா, இன்டர்வியூவுக்கு முதல் எங்களோட இருந்து ரெண்டு மூண்டு தரம் கதைச்சுப் பழகலாம். எனக்கும் கொழும்பில முதல் இன்டர்வியூவில தொண்டை அடைச்சுப் போச்சு, வீட்டை வந்து அழுதனான்.

இனி காசு விசயம், இதை வடிவாக் கேளுங்கோ. உங்களிட்ட நாங்கள் ஒரு சதமும் எடுக்கிறேல்ல, ஆள் எடுக்கிற கம்பனிதான் எங்களுக்குத் தாறது. வேலைக்கு முதல் "டெபாசிட்" கேக்கிற இடத்துக்கு, ஆர் சொன்னாலும் போகாதேங்கோ. அப்பொயின்ட்மென்ட் லெட்டர் கையில வாங்குங்கோ. ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதி முதல் நாளில இருந்தே கட்டவேணும், புரொபேசன் எண்டு சாட்டுச் சொல்லேலாது. அடிப்படைச் சம்பளம் 50,000 எண்டா உங்களிட்ட 8 வீதம் 4,000 கழியும், கம்பனி 12 வீதம் 6,000 போடவேணும், ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் 1,500 வேறயாக் கம்பனிதான் கட்டுறது. முதல் சம்பளச் சிட்டையிலேயே இதைப் பாருங்கோ.

(காட்சி: ஒஃபிஸ் படியில அந்தப் பிள்ளை ஏறுறா. கதவு திறக்குது.)

குரல்: கிளிநொச்சியோ, சாவகச்சேரியோ, நெடுந்தீவோ, எங்க இருந்தெண்டாலும் வாங்கோ. நெடுந்தீவுப் பிள்ளையள் போட் நேரத்தைச் சொன்னா அதுக்கேத்த மாதிரி நாங்கள் நேரம் வைப்பம். சீவி இல்லையெண்டாலும் பரவாயில்லை, சேர்டிபிக்கட்டையும் அடையாள அட்டையையும் கொண்டு வாங்கோ, இருந்து எழுதுவம். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரலாம், தேத்தண்ணி இருக்கு.