ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் (தமிழ் வழி) அரையாண்டுத் தேர்வு: வினாத்தாள் புளூபிரிண்ட்

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்காக, 40 மதிப்பெண்ணுக்கும் 90 நிமிடத்துக்கும் இந்த வினாத்தாள் அமைகிறது. தொடக்கத்தில் தரப்படும் 15 நிமிடக் கூல் ஆஃப் நேரம் இதில் சேராது.

அலகின் எடையை அதற்குச் செலவிட்ட பாடவேளையைக் கொண்டே கணக்கிட்டுள்ளோம். மொத்தம் 50 பாடவேளைகளில் ஒளிவிலகலுக்கு 15, இயக்கச் சமன்பாடுகளுக்கு 12, இயக்க விதிகளுக்கு 13, ஈர்ப்பியலுக்கு 10 செலவாயின. பாடவேளையை 50-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்கினால் முறையே 12, 9.6, 10.4, 8 என வருகிறது. நடுவிலுள்ள இரண்டையும் பத்தாக முழுமையாக்கியுள்ளோம்.

| அலகு | 1 மதிப்பெண் | 2 மதிப்பெண் | 3 மதிப்பெண் | 4 மதிப்பெண் | வினாக்கள் | மதிப்பெண் |
|---|---|---|---|---|---|---|
| ஒளிவிலகல் | 1 | 2 | 1 | 1 | 5 | 12 |
| இயக்கச் சமன்பாடுகள் | 2 | 1 | 2 | – | 5 | 10 |
| இயக்க விதிகள் | 2 | 1 | 2 | – | 5 | 10 |
| ஈர்ப்பியல் | 1 | 2 | 1 | – | 4 | 8 |
| மொத்தம் | 6 | 6 | 6 | 1 | 19 | 40 |

ஒரே நான்கு மதிப்பெண் வினா ஒளிவிலகலுக்குச் செல்கிறது. கதிர்ப்படம் வரைந்து, கோணங்களைக் குறித்து, விளக்கமும் எழுத அந்த அளவு இடம் தேவைப்படுகிறது. மற்ற அலகுகளின் கணக்குகள் மூன்று மதிப்பெண்ணுக்குள் அடங்கும்: சமன்பாட்டுக்கு ஒன்று, மதிப்புகளைப் பிரதியிடுவதற்கு ஒன்று, அலகுடன் கூடிய விடைக்கு ஒன்று.

தெரிவு வினாக்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கடந்த ஆண்டு நான் திருத்திய ஒரு தாளில் "எவையேனும் நான்கினுக்கு விடை தருக" என்ற பகுதியில் எல்லா அலகுகளும் கலந்திருந்தன. ஈர்ப்பியலை அறவே படிக்காத ஒரு மாணவி அந்த வினாக்களை விட்டுவிட்டு முழு மதிப்பெண் பெற்றாள். அட்டவணையில் நாம் இட்ட எடை அவளுடைய விடைத்தாளில் இல்லாமற்போனது. அவள் மீது பிழையில்லை, தாளை அமைத்த நம்மீதுதான் பிழை. ஆகவே இம்முறை "அல்லது" என்னும் தெரிவை நான்கு மதிப்பெண் வினாவுக்கு மட்டும் வைக்கிறோம். அதன் இரு பகுதிகளும் ஒளிவிலகலிலிருந்தே வர வேண்டும். கண்ணாடிப் பாளத்தின் வழியே செல்லும் கதிரைக் கேட்டால், மாற்றாக முழு அக எதிரொளிப்பைக் கேட்கலாம்.

கடினத்தன்மையைப் பொறுத்தவரை எளிய வினாக்களுக்கு 12, நடுத்தரத்துக்கு 20, கடினத்துக்கு 8 மதிப்பெண் ஒதுக்குக; கடின வினாக்கள் ஓர் அலகிலேயே குவியக் கூடாது.

மலையாளத்தில் முதலில் எழுதித் தமிழாக்கும்போது பிரவேகம், துவரணம் என்று அப்படியே எழுத்துப்பெயர்த்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளைகள் வகுப்பில் கேட்ட சொற்கள் திசைவேகமும் முடுக்கமுமே ஆகையால், சொல் புரியாமல் இழக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அலகின் எடையிலிருந்தே கழிகிறது. வினாக்களை எழுதி முடித்தபின் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அலகின் பெயரையும் மதிப்பெண்ணையும் பென்சிலால் குறித்து, அலகுவாரியாகக் கூட்டி, மேற்கண்ட அட்டவணையோடு ஒத்துப்பார்த்த பிறகே தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.