நுகர்வோர் நடத்தை வகுப்பு விளக்கக்காட்சி: மதிப்பீட்டுக் குழுவின் கேள்விகள்

வடிகட்டி பொருத்திய தண்ணீர் பாட்டிலைப் பற்றி நீங்கள் நடத்திய சர்வேயின் அறிக்கையை எங்கள் குழு முழுமையாகப் படித்தது. உழைப்பு தெரிகிறது. எனினும், வாங்குவதாகச் சொன்ன 65 சதவீதத்தினரைச் சந்தை அளவாகவே எடுத்துக்கொண்டு விற்பனைக் கணிப்பைக் கட்டியிருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. பின்வரும் கேள்விகள் அனைத்தும் அதை ஒட்டியவையே.

1. பதிலளித்த 120 பேரில் 21 பேர் 'நிச்சயமாக வாங்குவேன்' என்றும் 57 பேர் 'அநேகமாக வாங்குவேன்' என்றும் குறித்திருக்கிறார்கள். இவ்விரு பிரிவினரையும் ஒரே எடையில் கூட்டித்தான் 65 சதவீதம் கிடைக்கிறது. வாய்ப்பின் அளவை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் அளவுகோலை தாமஸ் ஜஸ்டர் 1966-இலேயே முன்வைத்தார். 'அநேகமாக' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தயக்கத்தை அது ஓரளவு வெளிக்கொணரும். அதை நீங்கள் பரிசீலித்தீர்களா?

2. வினாத்தாளில் விலை எங்கே?

3. ஏழாவது கேள்வி, 'சுற்றுச்சூழலைக் காக்கும் இந்தப் பாட்டிலை வாங்குவீர்களா?' என்று கேட்கிறது. சக மாணவர் நேரில் நின்று இப்படிக் கேட்கும்போது 'மாட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? பதிலளித்தவர்களின் நல்லெண்ணத்தை நாங்கள் ஐயுறவில்லை. நல்லவராகத் தோன்றும் விருப்பத்தையும் வாங்கும் விருப்பத்தையும் இந்தக் கேள்வியால் பிரித்தறிய முடியுமா என்றே கேட்கிறோம்.

4. ஐசக் அய்சென் 1991-இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை உங்கள் அடிப்படையாகக் காட்டியிருக்கிறீர்கள். அக்கோட்பாட்டில் மனப்பான்மை, பிறரின் எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு, அந்தச் செயல் தன்னால் இயலும் என்ற உணர்வும் எண்ணத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணம் நடத்தையாக மாறுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டியிருப்பதும், கையில் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருப்பதும் அந்த உணர்வைக் குறைக்கக்கூடிய தடைகள். இவற்றைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாதபோது, உங்கள் முடிவுகள் அக்கோட்பாட்டின் எந்தப் பகுதியைச் சோதிக்கின்றன? எங்கள் பார்வையில் அறிக்கையின் மிகப் பலவீனமான இடம் இதுவே. விளக்கக்காட்சியில் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

5. வாங்கும் எண்ணத்தைப் பற்றிக் கேட்பதே பின்னர் வாங்கும் நடத்தையை மாற்றக்கூடும் என்பதை விக்கி மார்விட்சும் சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். இதே 120 பேரை மீண்டும் தொடர்புகொண்டு, யார் உண்மையில் வாங்கினார்கள் என்று சரிபார்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்கப்படாத இன்னொரு குழுவை ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளாவிட்டால், அந்தச் சரிபார்ப்பில் கிடைக்கும் எண்ணிக்கையில் உங்கள் சர்வேயின் தாக்கம் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவீர்கள்?

6. முன்பணம் செலுத்திப் பதிவு செய்யும் வாய்ப்பை, வாங்குவதாகச் சொன்ன 78 பேருக்கும் அளித்தால், எத்தனை பேர் பணம் கட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அந்த எண்ணை எதை அடிப்படையாகக் கொண்டு சொல்கிறீர்கள்?