சித்திரக்கதைப் பக்கம்: ‘குழாயைத் திறந்தது யார்?’

ஏ4 தாள், சுற்றிலும் 15 மி.மீ. ஓரம். தலைப்புக்கு 23 மி.மீ. கட்டங்களுக்கு இடையே 4 மி.மீ., வரிசைகளுக்கு இடையே 7 மி.மீ. இரண்டும் சமமானால் கண் வலப்பக்கம் போகாமல் கீழே இறங்கிவிடும்.

மேல்வரிசை (உயரம் 70 மி.மீ., இரண்டு கட்டம், தலா 88 மி.மீ.)

கட்டம் 1: குழாயடி, தரையெல்லாம் தண்ணீர். முதலில் பேசும் செல்வி இடப்பக்கம் நிற்கட்டும். வலப்பக்கம் நின்றால் பதிலை முதலில் படித்துவிடுவார்கள்.
செல்வி (இட மேல்மூலை): “மறுபடியும் திறந்து கிடக்கு!”
முத்து (வலப்பக்கம், சற்றுத் தாழ்வாக): “நான் இல்லப்பா!”

கட்டம் 2: இருவரும் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிகிறார்கள். பார்வை வலப்பக்கம்.
செல்வி: “உஷ்… யாரோ வர்றாங்க.”

நடுவரிசை (90 மி.மீ.)

கட்டம் 3: முழு அகலம், 180 மி.மீ. குரங்கு குழாயைத் திருகிக் குடிக்கிறது. பேச்சுப் பலூனே வேண்டாம், இந்த மௌனம்தான் கதையின் உயிர். குரங்கு வலப்பாதியில்.

கீழ்வரிசை (70 மி.மீ.; அகலம் 50, 50, 72)

கட்டம் 4: முத்துவின் முகம் மட்டும். “அடேய்!”

கட்டம் 5: குரங்கு ஓடுகிறது, இடமிருந்து வலமாக.

கட்டம் 6: செல்வி குழாயை மூடுகிறாள்.
முத்து (இட மேல்மூலை): “திறக்கத் தெரியுது, மூடத் தெரியலையே!”
செல்வி (வலப்பக்கம், தாழ்வாக): “உன்னை மாதிரியேதான்!”

முதலில் எழுத்து, பிறகு அதைச் சுற்றிப் பலூன். பலூனை முன்பே வரைந்தால் ‘தெரியலையே’ போன்ற நீளச் சொல் உடையும். மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் இகர வளைவும் முட்டாதபடி வரி இடைவெளி விடவும். பலூனின் வால் பேசுபவரின் வாயை நோக்கட்டும்; வால்கள் குறுக்கிடக் கூடாது.