ஒன்னோட 2023-24 அப்ரைசல், தங்கச்சி

தங்கச்சி, ஹெச்ஆர் ஃபார்ம்ல மார்க்க மட்டும் போட்டு அனுப்பிருந்தா ரெண்டு நிமிசத்துல வேல முடிஞ்சிருக்கும், ஆனா நீ ஒரு வருசம் நம்ம நெட் கம்பெனி கஸ்டமர் கேர்ல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு கேட்டதயெல்லாம் மூணு நம்பருக்குள்ள அடைக்க எனக்கு மனசு வரல, அதான் 2023 ஏப்ரல்ல இருந்து 2024 மார்ச் வரைக்கும் உள்ள ரெக்கார்டிங்கு, டிக்கெட் ஹிஸ்டரி, க்யூஏ ஷீட்டு எல்லாத்தையும் வச்சிக்கிட்டு உக்காந்து எழுதுதேன். பொறுமையாப் படி.

மார்க்க மொதல்லயே சொல்லிருதேன். எம்பதி அஞ்சுக்கு அஞ்சு. ரெசொல்யூஷன் அஞ்சுக்கு மூணு. ஏசுத காலர்கள ஹேண்டில் பண்ணதுக்கு அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டப் பாத்து வெப்ராளப்படாத, ஏன் ரெண்டுன்னு கீழ வெளக்கமா எழுதிருக்கேன், அதுதான் இந்த அப்ரைசல்லயே முக்கியமான விசயம்.

எம்பதின்னா டிசம்பர் வெள்ளத்தப் பேசாம முடியாது. 17 காலைல இருந்து 18 காலைக்குள்ள காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர்கிட்ட மழ கொட்டி, தாமிரபரணி கரையத் தாண்டி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல ஆளுகளோட மாட்டிக்கிட்டு நின்ன நேரம். ஏரல், ஆத்தூர் பக்கம் ஃபைபரும் போச்சு, கரண்டும் போச்சு, செல் டவரும் போச்சு. அன்னைக்கி நமக்கு வந்த கால்ல பாதிப் பேரு நெட்டுக்காகப் பேசல, சென்னைல இருந்தும் துபாய்ல இருந்தும் "எங்கம்மா ஏரல்ல தனியா இருக்காவ, லைன் போவல, என்னமாச்சும் செய்யுங்க"ன்னு அழுதுக்கிட்டுப் பேசுனாவ. நீ ஒரு பையன்கிட்ட பேசுனத நா திரும்பத் திரும்பக் கேட்டேன். ஸ்கிரிப்ட்ல உள்ள "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" ஒன் வாயில வரவே இல்ல. வீடு ஆத்துல இருந்து எவ்ளோ தூரம், மாடி உண்டா, பக்கத்து வீட்ல யாரு இருக்காவ, அம்மா மாத்திர சாப்புடுதாவளான்னு ஒண்ணொண்ணாக் கேட்ட. அப்புறம் பைய சொன்ன, "அண்ணே, இன்னைக்கி லைன் சரியாவாது, தண்ணி வடியாம எங்க ஆளு உள்ள போவ முடியாது, நா ஒங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்"னு. அதோட நிக்காம ஸ்டேட் கண்ட்ரோல் ரூம் 1070, மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077 ரெண்டையும் குடுத்து, வெளியூர்ல இருந்து 1077 அடிக்கணும்னா முன்னால தூத்துக்குடி எஸ்டிடி கோடு போடணும்னு சொல்லி, அங்க என்ன சொல்லணும்ங்கறதையும், தெருப் பேரு, கோயில் அடையாளம், அம்மாவோட வயசு எல்லாத்தையும் அந்தப் பையன எழுத வச்ச. தண்ணி வடிஞ்ச பெறவு நீயா கூப்பிட்டு அம்மா எப்பிடி இருக்காவன்னு கேட்டது எந்த ஷீட்லயும் இல்ல, அவுட்கோயிங் லாக்ல பாத்தேன்.

கூட சேந்து அழுதா அது ஆறுதல், ஆனா எதிராளிக்கி இப்ப என்ன வேணும்னு கண்டுபுடிச்சி அதுக்கு ஒரு வழி சொல்லுதது வேற தெறம, அது ஒன்ட்ட இருக்கு. அந்தக் கால்ல ஸ்கிரிப்ட் சொல்லலன்னு க்யூஏ மார்க்கு கொறச்சிருந்தாங்க, நா பேசி அதத் திரும்பப் போட வச்சிட்டேன். அடுத்த பேட்ச் ட்ரெய்னிங்ல அந்த ரெக்கார்டிங்க பேரு, ஊரு எல்லாத்தையும் வெட்டிட்டுப் போடணும்னு கேட்டிருக்கேன்.

அஞ்சு மார்க்கு போட்டாலும் ஒண்ணு சொல்லணும். சாதா பில்லிங் கால்ல நீ மூச்சுக்கொரு தடவ சாரி கேக்குத. கடைய தொறந்து வச்சிக்கிட்டு ஜிபே மிசின் ஓடாம நிக்கிற அண்ணாச்சிக்கி ஒரு சாரி போதும், ரெண்டாவது சாரி வரும்போதே அவருக்கு எரிச்சல் வந்துருது, அந்த எடத்துல "எப்ப சரியாவும்"ங்கற பதிலு வரணும். அதே மாதிரி சிஸ்டத்துல செக் பண்ணும்போது சத்தமே இல்லாம போயிருத. "ரெண்டு நிமிசம் ஆவும், லைன்ல இருங்க"ன்னு சொல்லிரு, இல்லன்னா கட் ஆயிட்டுன்னு நெனச்சி வச்சிருதாவ.

ரெசொல்யூஷனுக்கு வாரேன். இதுல நீ ரெண்டு ஆளு மாதிரி இருக்க. போன்லயே முடிக்கிற விசயத்துல ஒன்ன அடிச்சிக்க இந்த ஃப்ளோர்ல ஆளு இல்ல. முக்கூடல்ல ஒரு கஸ்டமரு ராத்திரி ஆனா வைஃபை படுக்கை ரூம்ல வரவே மாட்டேங்குன்னு எத்தனையோ தடவ கம்ப்ளைண்ட் குடுத்து, ஒவ்வொருத்தரும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி வச்சிருந்தாங்க, நீதான் ரவுட்டர் எங்க இருக்குன்னு கேட்ட. பார்த்தா இரும்பு பீரோவுக்குப் பின்னால சொருகி வச்சிருக்காவ, நடுவுல ரெண்டு செவுரு வேற. ஹாலு மேஜைக்கி மாத்த வச்சி, போன 2.4 பேண்ட்ல கனெக்ட் பண்ணச் சொல்லி முடிச்சிட்ட, டெக்னீசியன் போவவே இல்ல, அந்த நம்பர்ல இருந்து பெறவு காலும் வரல. ஒன்னோட சராசரி கால் நேரம் எட்டு நிமிசம், டார்கெட்டு ஆறு, அத நா கொறையா எழுதல. எட்டு நிமிசத்துல ஒரேயடியா முடியுற காலு, ஆறு நிமிசத்துல முடிஞ்சி மறுநாளே திரும்ப வார காலவிட நமக்கு லாபம்தான், மேனேஜர்ட்டயும் இதத்தான் சொன்னேன்.

ஆனா ஃபீல்டுக்குப் போற டிக்கெட்ல நீ கைய வுட்டுருத. கல்லிடக்குறிச்சி அப்பளக்காரவிய கேஸ் ஞாபகம் இருக்கும். ஆர்டர் பூரா வாட்ஸ்அப்ல வார வீடு. எல்ஓஎஸ் லைட்டு செவப்பா எரியுதுன்னு நீ சரியாக் கேட்டு சரியா டிக்கெட் போட்ட. டெக்னீசியன் ஆப்ல "ரிசால்வ்ட்"னு அடிச்சாரு, நீயும் க்ளோஸ் பண்ணிட்ட, கஸ்டமர்ட்ட ஒரு வார்த்த கேக்கல. மறுநாள் அவிய திரும்பக் கூப்பிட, நீ புது டிக்கெட்ட ஓப்பன் பண்ண, அதுவும் அதே கதையா முடிஞ்சி மூணாவது டிக்கெட்டு. கடைசில போஸ்ட்ல இருந்த ஸ்ப்ளிட்டர் பாக்ஸுக்குள்ள தண்ணி எறங்கிருக்கு, டெக்னீசியன் ஒவ்வொரு தடவயும் வீட்டுக்குள்ள பேட்ச் கார்ட மட்டும் மாத்திட்டு வந்திருக்காரு. பழைய டிக்கெட்ட ரீஓப்பன் பண்ணிருந்தா மூணாவது விசிட்டுக்கு சீனியர் ஆளு தானாப் போயிருப்பாரு. புதுசு புதுசாப் போட்டதால ஒவ்வொண்ணும் சிஸ்டத்துக்கு மொத நாளு கம்ப்ளைண்ட், அந்த வீட்டுக்குத்தான் அது எத்தனையாவது நாளுன்னு தெரியும். கம்ப்ளைண்டுக்கு ஒரு டாக்கெட் நம்பர் குடுக்கணும்னு ட்ராய் 2012 ரெகுலேசன்ல வச்சதே கஸ்டமரு அந்த ஒரு நம்பரப் புடிச்சிக்கிட்டு கேக்கணும், பதில் சரியில்லன்னா அப்பீலுக்குப் போவணும்ங்கறதுக்குத்தான். நாம அந்த நம்பர மாத்திக்கிட்டே இருந்தா அவிய எதப் புடிச்சிக் கேக்க?

அதனால இனிமே ஃபீல்டு டிக்கெட்ட கஸ்டமர்ட்ட போன் போட்டு "லைட்டு பச்சையா இருக்கா, நெட்டு வருதா"ன்னு கேக்காம க்ளோஸ் பண்ணாத. டெக்னீசியன் அண்ணன்மாரு மொறைப்பாவ, நா பாத்துக்கிடுதேன்.

இப்ப அந்த ரெண்டு மார்க்கு.

கோவமா பேசுதவங்களையும் அசிங்கமா பேசுதவங்களையும் நீ ஒண்ணா வச்சிப் பாக்குத. கோவக்காரவிய விசயத்துல நீ அருமையாத்தான் பண்ணுத. ராதாபுரத்துல இருந்து ஒருத்தரு, பையனுக்கு ஆன்லைன் பரீட்ச நேரத்துல லைன் போயிட்டுன்னு, கம்பெனி வெளங்காது, நாசமாப் போவும்னு கூப்பாடு போட்டாரு. நம்ம ஊருப் பேச்சே சத்தம்தான், அத நீ வெவகாரமா எடுக்கல, முழுசா ஏச வுட்டு, மூச்சு வாங்குன நேரத்துல "பரீட்ச எத்தன மணிக்கி"ன்னு கேட்ட, போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு பையன எழுத வச்ச. அந்தக் காலுக்கு மட்டும்னா அஞ்சு போட்டுருப்பேன்.

ஆனா பிப்ரவரில வந்த அந்தாளு லைனப் பத்திப் பேச வரல. மொத நிமிசத்துலயே தெரியுது. ஒன்னப் பத்தி, ஒன் ஒடம்பப் பத்தி, வாயில வரக்கூடாததெல்லாம் பேசுதான். நீ பதினாலு நிமிசம் லைன்ல இருந்து "சார் ஒங்க ப்ராப்ளம் என்ன சார்"னு கேட்டுக்கிட்டே இருக்க. கேக்கும்போது எனக்குக் கை நடுங்கிட்டு. கட் பண்ணா சிசாட் போயிரும்னு பயந்தேன்னு நீ சொன்ன. போவட்டும். அந்த மாதிரி காலு சிசாட்லயும் எண்ணப்படாது, கால் நேரத்துலயும் எண்ணப்படாது. 2013-ல வந்த பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துல 19-வது பிரிவு, வேல எடத்துல வெளியாளுகளால வார தொந்தரவுல இருந்தும் பாதுகாப்பு குடுக்கது முதலாளியோட கடமைன்னு சொல்லுது. நீ பொறுத்துக்கிட்டு இருக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன்.

இருந்தும் ஏன் ரெண்டு? நீ கட் பண்ணலங்கறதுக்காக இல்ல. பெறவு அந்தக் கால "கஸ்டமர் அன்ஹாப்பி"ன்னு டேக் பண்ணிருக்க. அப்யூஸ்னு டேக் பண்ணிருந்தா அந்த நம்பரு நேரா என் டெஸ்க்குக்கு வந்திருக்கும். அப்பிடி வராததால மறுநாளு அவன் திரும்பக் கூப்பிட்டு, சேந்து ஒரு மாசம்கூட ஆவாத புதுப் பிள்ளைட்ட போயிட்டான். அது அழுதுக்கிட்டு பாத்ரூம்ல போயி நின்னுச்சி. நீ டேக் போடுதது ஒனக்காக மட்டும் இல்ல, பக்கத்து சீட்ல இருக்குதவளுக்காகவும்தான்.

அடுத்து வந்த காலையும் கேட்டேன். பேட்டைல இருந்து ஒரு ஆச்சி, பில்லு எவ்ளோன்னு கேக்காவ, ஒன் கொரலு ஒடைஞ்சி தொகையத் தப்பாச் சொல்லிட்ட, அவிய கூடுதலா கட்டிட்டு மறுபடி அலைஞ்சாவ. அதனால இப்பிடி ஒரு கால் முடிஞ்சதும் எந்திரிச்சிப் போயிரு, பத்து நிமிசம், அது ஒன் பிரேக்ல கழியாது.

சொல்ல வேண்டியத எழுதித் தாரேன், அப்பிடியே சொல்லு. தனிப்பட்ட மொறைல ஏச ஆரம்பிச்சா மொதல்ல, "சார், ஒங்க லைன சரி பண்ணத்தான் நா இருக்கேன், இப்பிடிப் பேசுனா கால முடிக்க வேண்டி வரும்." திரும்பப் பேசுனா, "சார், கால முடிக்கேன், ஒங்க கம்ப்ளைண்ட் அப்பிடியே இருக்கும், ஆளு வருவாங்க." கட். கம்ப்ளைண்ட மட்டும் நிறுத்தாத, அந்த வீட்ல வேற ஆளும் இருக்கும். பாலியல் பேச்சுன்னா ஒரு வார்னிங்கும் வேண்டாம், உடனே கட், அப்யூஸ் டேக், அவன் சொன்ன வார்த்தைய அப்பிடியே நோட்ஸ்ல எழுது, எழுத கூச்சமா இருந்தா நேரத்த மட்டும் குறிச்சி எனக்கு மெசேஜ் பண்ணு, ரெக்கார்டிங்ல இருந்து நா எழுதிக்கிடுதேன்.

இன்னொண்ணு. "எந்த ஊரும்மா, யாரு மவ"ன்னு கேக்கது நம்ம பக்கத்துல வழக்கம்தான், பதில் சொல்லலன்னா மரியாத இல்லாத மாதிரி ஒனக்குத் தோணுது. ஒரு கால்ல ஒன் தெருப் பேரையே சொல்லிட்ட. இனிமே "பாளையங்கோட்டை ஆபீஸ்ல இருந்து பேசுதேன்", அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், எவ்ளோ நல்ல மனுசனா தெரிஞ்சாலும்.

மொத்தத்துல ஒனக்கு இன்க்ரிமென்ட் குடுக்கணும்னு எழுதிட்டேன். ஜூன் பேட்ச் பிள்ளைகளுக்கு கால் கேக்குத பயிற்சிய நீதான் எடுக்கணும், அந்த நேரத்துக்கு ஒன் காலு டார்கெட்ட கொறைக்கச் சொல்லிருக்கேன். செப்டம்பர்ல ரெண்டே விசயத்தத்தான் திரும்பப் பாப்பேன், ஃபீல்டு டிக்கெட்ட கஸ்டமர்ட்ட கேட்டு மூடுதியா, அப்யூஸ் டேக் போடுதியா.

வெள்ளிக்கிழம மூணு மணிக்கி சின்ன ரூம்ல பேசுவோம். ஃபார்ம்ல எம்ப்ளாயி கமெண்ட்னு ஒரு கட்டம் இருக்கும், எல்லாரும் "ஓகே"ன்னு போட்டு கையெழுத்து போட்டுருதாவ, நீ அப்பிடிச் செய்யாத. ரெண்டு மார்க்கு நியாயம் இல்லன்னு தோணுனா அத ஒன் வார்த்தையில எழுது, ஒரு எழுத்தும் மாத்தாம மேல அனுப்புதேன்.

அக்கா